குழந்தைக்கு டிஎச்ஏ சொட்டு வேண்டுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரு அல்சூரில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கும் என்னிடம், ஒன்பது மாதக் குழந்தையோடு ஒரு தமிழ்த் தம்பதியர் சில மாதங்களுக்கு முன் வந்தார்கள். மேசையில் நான்கு பாட்டில்களை வரிசையாக வைத்தார்கள். முதலாவது வைட்டமின் டி சொட்டு, இரண்டாவது இரும்புச்சத்துச் சொட்டு. மூன்றாவது, பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவர்கள் சொன்னார்கள் என்பதற்காக வாங்கிய டிஎச்ஏ கலந்த மல்ட்டிவைட்டமின் சொட்டு. நான்காவது, துபாயிலிருந்து வந்த சித்தி கொண்டுவந்த மீன் ஈரல் எண்ணெய், அதாவது காட் லிவர் ஆயில். "அக்கா, இதில் எதைக் கொடுக்கட்டும், எதை நிறுத்தட்டும்?" என்று அந்தத் தாய் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலையே, முதல் குழந்தை பெற்றவர்களுக்குப் பயன்படும்படி இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

டிஎச்ஏ என்பது ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஒரு கொழுப்பு அமிலம். மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் அது நிறையச் சேர்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிறந்த பின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அந்தச் சேர்க்கை வேகமாக நடக்கிறது. இது உண்மை. ஆனால் இதிலிருந்து "ஆகவே சொட்டு கொடுத்தால் குழந்தை புத்திசாலியாகும்" என்ற முடிவுக்கு விளம்பரம் ஒரே தாவலில் போய்விடுகிறது. இடையில் இருக்கும் கேள்வி, உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே எவ்வளவு டிஎச்ஏ போய்ச் சேர்கிறது என்பதுதான்.

முதல் படி: உங்கள் குழந்தை எந்த வகையில் சேரும் என்று பாருங்கள்

நிறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, முதல் ஆறு மாதங்களில் டிஎச்ஏ சொட்டு வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. தாய்ப்பாலிலேயே டிஎச்ஏ இருக்கிறது. அந்த வயதில் கொடுக்க வேண்டிய சொட்டு வைட்டமின் டி. முதல் ஓராண்டுக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் என்று குழந்தை மருத்துவர்கள் எழுதித் தருவது அதைத்தான். ஆறு மாதத்திற்குப் பின் இரும்புச்சத்து சேர்கிறது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. மூளை வளர்ச்சியைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டிய குறைபாடு இரும்புச்சத்துதான். டிஎச்ஏ பாட்டில் அலமாரியில் இருந்து, இரும்புச் சொட்டு "மலம் கறுப்பாகப் போகிறது" என்று நிறுத்தப்பட்ட வீடுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். கறுப்பு மலம் இரும்புச்சத்துச் சொட்டின் இயல்பான விளைவு, அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால், பால் பவுடர் டப்பாவின் சத்து அட்டவணையில் டிஎச்ஏ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் குழந்தைப் பால் பவுடரில் டிஎச்ஏ கட்டாயம். 100 கலோரிக்கு 20 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். உணவுப் பொருள்களுக்கான சர்வதேச கோடெக்ஸ் தர விதியில் அது விருப்பச் சேர்க்கை மட்டுமே. எனவே பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் அட்டவணையைப் படிக்க வேண்டும். பவுடரில் அது இருந்தால் தனியாகச் சொட்டு வேண்டாம்.

குறைமாதக் குழந்தை என்றால் கதை வேறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயிடமிருந்து சேர வேண்டிய டிஎச்ஏ அந்தக் குழந்தைக்குக் கிடைத்திருக்காது. 29 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையில் அதிக அளவு டிஎச்ஏ கொடுத்துப் பார்த்த ஓர் ஆஸ்திரேலியத் தலைமையிலான ஆய்வில், ஐந்து வயதில் நுண்ணறிவு மதிப்பெண் சராசரியாக மூன்றரைப் புள்ளி கூடியிருந்தது. ஆனால் அதே ஆய்வின் முந்தைய பகுதி, நுரையீரல் பாதிப்பு குறையவில்லை என்றும் ஒருவேளை கூடியிருக்கலாம் என்றும் காட்டியது. இப்படி இரு பக்கமும் கூர்மையான விஷயத்தை வீட்டில் பாட்டில் வாங்கி நடத்தக் கூடாது. பச்சிளம் குழந்தை மருத்துவர் சொல்லும் அளவும் கால வரம்பும் மட்டுமே அங்கே செல்லும். அதேபோல, 35 வாரத்திற்கு முன் பிறந்து ஒரு வயதை எட்டியிருந்த குழந்தைகளுக்கு, ஆறு மாதம் தினமும் 200 மில்லிகிராம் டிஎச்ஏ கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வில் அறிவு வளர்ச்சியில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. "குறைமாதத்தில் பிறந்தவன், இப்போதாவது கொடுத்து ஈடு செய்துவிடலாம்" என்று பின்னால் தொடங்குவதற்கு இது ஆதரவு தரவில்லை.

நிறைமாதக் குழந்தைகளைப் பற்றி 2017இல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றாக அலசிய கோக்ரேன் தொகுப்பாய்வும் இதையே சொல்கிறது: பால் பவுடரில் இத்தகைய கொழுப்பு அமிலங்களைச் சேர்த்துக் கொடுத்த பெரும்பாலான ஆய்வுகளில் பார்வையிலோ அறிவு வளர்ச்சியிலோ சீரான பலன் தெரியவில்லை. நம் கர்நாடகத்திலேயே, பெலகாவியில், சுமார் 950 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினர் தினமும் 400 மில்லிகிராம் டிஎச்ஏவைப் பிரசவத்திற்குப் பின் ஆறு மாதம் வரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வயதில் இரு பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சி மதிப்பெண்ணிலும் வித்தியாசம் இல்லை. டிஎச்ஏ வேண்டாத பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. குழந்தைக்கு அது தேவை. ஆனால் உணவில் ஓரளவு கிடைக்கும் குழந்தைக்கு மேலும் கொட்டுவதால் கூடுதல் அறிவு வரும் என்ற நம்பிக்கைக்குத்தான் சான்று போதவில்லை.

இரண்டாம் படி: ஒரு நாள் கணக்குப் போடுங்கள்

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 12 மில்லிகிராம் டிஎச்ஏ போதுமானது என்று உலக உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு வகுத்திருக்கிறது. இது போதுமான அளவு என்று கணிக்கப்பட்ட எண். இதற்கு ஒரு மில்லிகிராம் குறைந்தாலும் நோய் வந்துவிடும் என்ற எல்லைக்கோடு அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டால் பதற்றம் வராது.

மேலே சொன்ன குழந்தையின் எடை 8 கிலோ. ஆகவே நாளொன்றுக்கு 80 முதல் 96 மில்லிகிராம் தேவை. வீட்டில் மீன் கிடையாது, முட்டை உண்டு. குழந்தை பகலில் கஞ்சியும் இட்லியும் பருப்புச் சாதமும் சாப்பிட்டு, காலையிலும் மாலையிலும் இரவிலும் தாய்ப்பால் குடிக்கிறது. ஒன்பது மாதத்தில் அப்படிக் குடிக்கும் பாலை ஏறக்குறைய 500 மில்லி என்று எடுத்துக்கொண்டோம். 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் நான்கு கிராம் கொழுப்பு. அப்படியானால் நாளுக்கு 20 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் டிஎச்ஏவின் பங்கு உலக சராசரியில் 0.3 சதவீதம் அளவில் இருக்கிறது, ஆனால் அது தாயின் சாப்பாட்டைப் பொறுத்து வெகுவாக ஏறி இறங்கும். மீன் சாப்பிடாத தாய் என்பதால் 0.2 சதவீதம் என்று குறைத்தே வைத்தோம். 40 மில்லிகிராம் வந்தது. குழந்தைக்குத் தினமும் அரை மஞ்சள் கரு கொடுத்துவந்தார்கள். ஒரு சாதாரண முட்டையில் சுமார் 30 மில்லிகிராம் டிஎச்ஏ, கிட்டத்தட்ட முழுவதும் மஞ்சள் கருவில். அரைக்கு 15. மொத்தம் 55 மில்லிகிராம். குறைவது 25 முதல் 41 வரை.

இந்த இடைவெளியை நிரப்பக் குழந்தையின் வாயில்தான் சொட்டை விட வேண்டும் என்பதில்லை. பாலூட்டும் தாய்க்கே நாளொன்றுக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் டிஎச்ஏ வேண்டும் என்று அதே நிபுணர் குழு சொல்கிறது. தாய் சாப்பிட்டால் பாலில் அது ஏறும். ஆகவே நுண்பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ கேப்சூல் ஒன்றைத் தாய் எடுத்துக்கொள்ளவும், குழந்தைக்கு அரை மஞ்சள் கருவை முழுவதாக்கவும் சொன்னேன். பாலில் பங்கு 0.3க்கு ஏறினாலே 60, மஞ்சள் கருவில் 30, மொத்தம் 90 மில்லிகிராம். சொட்டு இல்லாமலே கணக்கு நேராகிவிட்டது.

ஆளி விதையும் வால்நட்டும் இதே வேலையைச் செய்யுமா என்று சைவக் குடும்பங்கள் கேட்பதுண்டு. அவற்றில் இருப்பது ஒமேகா-3இன் வேறொரு வடிவம். உடல் அதை டிஎச்ஏவாக மாற்றும் அளவு மிகச் சொற்பம். நல்ல உணவுதான், அரைத்துக் கஞ்சியில் சேர்க்கலாம், ஆனால் டிஎச்ஏ கணக்கில் அதை எழுதக் கூடாது.

மீன் சாப்பிடும் வீட்டில் வேலை இன்னும் எளிது. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மத்தி வேண்டுமென்றால் பூத்தாயி என்றும், அயிலை வேண்டுமென்றால் பங்குடே என்றும் கேட்க வேண்டும். மங்களூர் மீன்காரர்களின் பெயர்தான் இங்கே புழங்குகிறது. 100 கிராம் மத்தியில் சில நூறு மில்லிகிராம் டிஎச்ஏ இருக்கும். முள் இல்லாமல் நன்றாக உதிர்த்து, வேகவைத்த இரண்டு மேசைக்கரண்டி மீனை வாரம் இரண்டு அல்லது மூன்று முறை குழந்தைக்குக் கொடுத்தால், தாய்ப்பாலோடு சேர்த்து அந்த வாரத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பால்சுறாவை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். பால் ஊறும் என்று பிரசவித்தவளுக்குச் சுறாப்புட்டு செய்து தருவது நம் வழக்கம்; என் அம்மாவும் எனக்குச் செய்து தந்தார். ஆனால் மற்ற மீன்களைத் தின்று நீண்ட காலம் வாழும் சுறாவில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. சிறிய மீன் என்றால் இந்தப் பயம் குறைவு.

சொட்டு வாங்குவதில் நியாயம் இருக்கும் இடம் இதன் பிறகு வருகிறது. ஒரு வயது கடந்து தாய்ப்பாலும் நின்றுவிட்டது, மீன் இல்லை, முட்டையும் இல்லை, சத்து சேர்த்த பால் பவுடரும் இல்லை என்ற சுத்த சைவ வீட்டுக் குழந்தைக்கு, உணவு வழியாக டிஎச்ஏ கிடைக்கும் வழி ஏறக்குறைய இல்லை. அங்கே நுண்பாசிச் சொட்டைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம். கீழே வருவது அவர்களுக்காக.

மூன்றாம் படி: லேபிளைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "டிஎச்ஏ" என்று இருக்கும். படிக்க வேண்டியது பின்பக்கத்தின் பொடி எழுத்தை. அந்தத் தம்பதியரின் மூன்றாவது பாட்டிலில், ஒரு மில்லியில் "டிஎச்ஏ 10% பவுடர் 200 மில்லிகிராம்" என்று அச்சடித்திருந்தது. அவர்கள் 200 மில்லிகிராம் டிஎச்ஏ என்று நினைத்திருந்தார்கள். பவுடரில் பத்தில் ஒரு பங்குதான் டிஎச்ஏ. கிடைப்பது 20 மில்லிகிராம். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக என்னிடமிருந்த வேறொரு பாட்டிலை எடுத்தேன். அதில் ஒரு மில்லிக்கு "ஆல்கல் எண்ணெய் 250 மில்லிகிராம், அதில் டிஎச்ஏ 100 மில்லிகிராம்" என்றிருந்தது. நுண்பாசி எண்ணெயில் 40 சதவீதம் டிஎச்ஏ என்பது வழக்கமான செறிவுதான், கணக்கு ஒத்துப்போகிறது. அவர்களுடைய பாட்டில் 15 மில்லி, விலை 180 ரூபாய். மொத்த டிஎச்ஏ 300 மில்லிகிராம், ஒரு மில்லிகிராமுக்கு 60 பைசா. என்னிடமிருந்தது 30 மில்லி, 450 ரூபாய். மொத்தம் 3,000 மில்லிகிராம், ஒன்றுக்கு 15 பைசா. மலிவாகத் தெரிந்தது நான்கு மடங்கு விலை.

அடுத்து, எந்த அளவுக்கு இந்த எண் என்று பாருங்கள். ஒரு மில்லிக்கா, ஐந்து மில்லிக்கா, ஒரு சொட்டுக்கா? வெளிநாட்டுப் பாட்டில்களில் ஐந்து மில்லிக்கு எழுதியிருப்பதை ஒரு மில்லிக்கு என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. சொட்டுகளை எண்ணிக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். எண்ணெய்ச் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது, டிராப்பருக்கு டிராப்பர் அதுவும் மாறும். மில்லி கோடு போட்ட டிராப்பரோ, மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு மில்லி ஊசியில்லாச் சிரிஞ்சோதான் நம்பகமானது.

மூன்றாவதாக, டிஎச்ஏ தவிர வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மல்ட்டிவைட்டமின் கலவையில் வைட்டமின் டி இருந்தால், ஏற்கெனவே கொடுக்கும் 400 யூனிட்டோடு அதுவும் கூடும். இதைவிடக் கவலை தரும் பொருள் வைட்டமின் ஏ. மீன் உடலிலிருந்து எடுக்கும் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. ஈரலில் வைட்டமின் ஏ குவிந்திருக்கும். சித்தி கொண்டுவந்த பாட்டிலில் ஒரு தேக்கரண்டிக்கு 800 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்று எழுதியிருந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 600. மேலும் நம் நாட்டில் ஒன்பது மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம் வாயில் விடுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு அது முந்தைய வாரம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பாட்டிலைத் திறக்காமல் பெரியவர்களுக்கு வைத்துவிடச் சொன்னேன். சித்தியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. பசியின்மை, எரிச்சல், வாந்தி, உச்சிக்குழி புடைப்பது ஆகியவை வைட்டமின் ஏ மிகுதியானால் தெரியும் அறிகுறிகள். அப்படி எதையாவது கண்டால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சேர்மானப் பட்டியல் சுருக்கமாக இருப்பதே நல்லது. நுண்பாசி எண்ணெய், அதைத் தாங்கும் சூரியகாந்தி போன்ற ஓர் எண்ணெய், கெடாமல் காக்கும் வைட்டமின் ஈ ஆகிய மூன்றும் போதும். சர்க்கரை, செயற்கை நிறம், ஸ்ட்ராபெரி வாசனை ஆகியவற்றால் குழந்தைக்கு நன்மை எதுவும் இல்லை, வாசனை எண்ணெயின் கெட்ட வாடையையும் மறைத்துவிடும். ஒரு வயதுக்கு முன் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. மீன் ஒவ்வாமை உள்ள குடும்பத்துக்கும் சைவக் குடும்பத்துக்கும் நுண்பாசி எண்ணெயே பொருத்தம்.

பாட்டிலில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்க வேண்டும், அதை foscos.fssai.gov.in தளத்தில் இட்டு, உரிமம் யார் பெயரில், செல்லுபடியாகிறதா என்று பார்க்கலாம். இறக்குமதிப் பொருளாக இங்கே விற்றால், இந்திய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உணவுச் சத்துப் பொருள் என்ற வகையில் விற்பவற்றில் "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். மருந்துக் கடையில் வாங்கினாலும் அது மருந்துக்குரிய பலன் சோதனையைக் கடந்து வந்த பொருள் அன்று என்பதை அந்த வரி சொல்கிறது. எந்த வயதுக்கு என்பதையும் தேடுங்கள். பெரிய குழந்தைகளுக்கு என்று போட்டிருப்பதை "அளவைக் குறைத்துக் கொடுத்தால் போகிறது" என்று கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: எண்ணெய் கெடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்

டிஎச்ஏ காற்றும் வெயிலும் சூடும் பட்டால் சீக்கிரம் கெடும் எண்ணெய். என் மூத்தவளுக்கு நான் வாங்கிய முதல் பாட்டிலை அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைத்திருந்தேன், கைக்கு எட்டும் என்பதற்காக. மூன்றாவது வாரம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடம் என்று நினைத்து இரண்டு நாள் வற்புறுத்தினேன். பிறகுதான் மோந்து பார்த்தேன். பழைய வடைச் சட்டி எண்ணெயின் சிக்கு வாடை. தொழிலில் இருந்துகொண்டே செய்த பிழை அது.

அதன் பின் நான் செய்வது இதுதான். பாட்டிலைத் திறந்த அன்றே ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, விரலால் தேய்த்து, மோந்து, நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். நல்ல நுண்பாசி எண்ணெயில் லேசான கடல் வாடையோ கொட்டை வாடையோ இருக்கும். சிக்கு வாடையோ பெயின்ட் வாடையோ, தொண்டையில் காறலோ இருந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். வாரம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்கிறேன். திறந்த தேதியைப் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதி, லேபிளில் சொன்னபடி ஃபிரிட்ஜிலோ குளிர்ந்த இருட்டிலோ வைக்கிறேன்.

பாட்டிலின் அளவையும் இதை வைத்தே தேர்வு செய்யுங்கள். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள 30 மில்லி பாட்டிலில் நாளுக்கு 0.4 மில்லி மட்டும் எடுத்தால் 75 நாள் ஓடும். திறந்த பின் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று லேபிள் சொன்னால் பாதிக்கு மேல் வீணாகும், அல்லது கெட்டதைக் கொடுப்பீர்கள். சிறிய பாட்டில் விலை கூடினாலும் அதுவே சிக்கனம். பெங்களூரு வானிலை குளிர்ச்சி என்று நம்பி மார்ச், ஏப்ரலில் ஆன்லைனில் வாங்கினால், நாள் முழுக்க டெலிவரிப் பெட்டியில் வெந்த பாட்டில் வரக்கூடும். அந்த மாதங்களில் ஏசி உள்ள கடையில் நேரில் வாங்குவது மேல்.

தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணுக்கான ஆய்வகச் சான்றைக் கேட்கலாம். அதில், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் பெராக்சைடு அளவு என்ற வரியைப் பாருங்கள். மீன் எண்ணெய்க்கான கோடெக்ஸ் விதி அதை 5க்கு மேல் அனுமதிப்பதில்லை. நுண்பாசி எண்ணெய்க்கும் நான் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஈயம், பாதரசம் சோதித்த வரியும் இருக்க வேண்டும். சான்று தர மறுக்கும் நிறுவனத்தின் பொருளை நான் பரிந்துரைப்பதில்லை.

ஐந்தாம் படி: கொடுக்கும் விதம்

குழந்தையைப் படுக்கவைத்து எண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள். குளிப்பாட்டிய பின் மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடும் நம் பழைய வழக்கத்தால், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்த குழந்தைகளைத் தென்னிந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணெய் வழவழப்பானது என்பதால் உடனே இருமல் வராமலே அது உள்ளே போய்விடும். டிஎச்ஏ எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, அழாத நேரத்தில், ஒரு தேக்கரண்டி ஆறிய கஞ்சியிலோ மசித்த வாழைப்பழத்திலோ கலந்து முதல் வாயாகக் கொடுத்துவிடுங்கள். கிண்ணம் முழுவதிலும் கலந்தால் பாதி கிண்ணம் மிஞ்சும் அன்று எவ்வளவு போனது என்று தெரியாது. பால் புட்டியில் விட்டால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் கஞ்சியில் விடவே வேண்டாம்.

முதல் மூன்று நாள் பாதி அளவு. அந்த வாரத்தில் வேறு புதிய உணவு எதையும் தொடங்காதீர்கள். அப்போதுதான் வயிறு இளகினாலோ, தடிப்பு வந்தாலோ காரணம் தெரியும். இளக்கம் லேசாக இருந்தால் இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் பாதி அளவில் மீண்டும் பாருங்கள். தடிப்போடு முகம் வீங்கினாலோ, புரையேறிய பின் மூச்சு வேகமானாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பாட்டில்கள் எல்லாமே பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், முதலில் இரும்புச்சத்துப் பாட்டில். டிஎச்ஏ மட்டும் உள்ள சிறு பாட்டிலைக் குழந்தை குடித்துவிட்டால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போகும். இரும்புச் சொட்டுப் பாட்டிலைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து, அது அவசரச் சிகிச்சை.

அந்தத் தம்பதியர் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு மறுபடி வந்தார்கள். எடை 9 கிலோவைத் தாண்டியிருந்தது, இரவுப் பால் மட்டும் தொடர்கிறது, மஞ்சள் கரு தினமும் ஒன்று. தகப்பனார் வெளியில் மீன் சாப்பிடுபவர். குழந்தைக்கும் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாமியார் வீட்டில் சமைக்க விடமாட்டார் என்பது சிக்கல். வாரம் இரண்டு நாள் அவருடைய அக்கா வீட்டில் குழந்தைக்கு மத்தி என்று ஏற்பாடாயிற்று. வைட்டமின் டியும் இரும்பும் மருத்துவர் சொன்னபடி ஓடுகின்றன. டிஎச்ஏ சொட்டுக்கு இந்த வீட்டில் இன்னும் இடம் வரவில்லை.